குடியிருப்புத் தீயை அணைத்த தீயணைப்புக் குழுவுக்குப் பாராட்டுக் கடிதம்: தகவல் திரட்டுவதிலிருந்து கையில் கொடுப்பது வரை

அடுக்ககத்தில் தீப்பிடித்து, தீயணைப்புக் குழு வந்து கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு நன்றிக் கடிதம் கொடுக்கலாம் என்று யாராவது சொல்வார். வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் கைகூப்புவார்கள். அடுத்த வாரம் செயலாளர் மட்டும் கையெழுத்திட்ட அரைப்பக்கக் கடிதம் போகும். அதில் "தக்க நேரத்தில் வந்து உயிரைப் பணயம் வைத்து" என்று இருக்கும். அந்த வரியை எந்த ஊரில் எந்தத் தீக்கு வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால், மேலதிகாரி அதைப் படித்துவிட்டு யாருக்காக என்ன செய்வது என்று தெரியாமல் கோப்பில் போட்டுவிடுவார்.

யார், எந்த இடத்தில், எந்த நேரத்தில், என்ன செய்தார் என்று சொல்லும் கடிதத்துக்குத்தான் பயன் உண்டு. சுதந்திர தினத்திலும் குடியரசு தினத்திலும் ஆட்சியர் கையால் வழங்கும் நற்சான்றிதழுக்கு ஒருவரைப் பரிந்துரைக்கும்போது, அதிகாரி பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடிய தாள் அது. அதை எழுதும் வரிசை கீழே. படிப்பவருக்குப் பிடிகிடைக்க ஒரு கற்பனைச் சம்பவத்தைக் கடைசி வரை கொண்டுபோகலாம். மதுரை பி.பி.குளம் பக்கம் தரைத்தளத்தில் வண்டி நிறுத்துமிடமும் மேலே நான்கு மாடிகளும் உள்ள அடுக்ககம். மொத்தம் 24 வீடுகள். ஓர் இரவு படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் மீட்டர் பலகையில் தீ. பக்கத்தில் நின்ற எட்டு இருசக்கர வண்டிகளுக்கு அது பரவுகிறது, படிக்கட்டு முழுவதும் புகை ஏறுகிறது.

## 1. முதல் மூன்று நாள்: எழுத வேண்டாம், சேகரியுங்கள்

மறுநாளே எழுத உட்கார்ந்தால் பதற்றமும் கோபமும் உள்ளே வரும். ஒரு மாதம் கழித்து உட்கார்ந்தால் யாருக்கும் நேரம் நினைவிருக்காது, ஷிப்டில் இருந்தவர் மாற்றலாகியும் போயிருக்கலாம். முதல் மூன்று நாளில் தகவலைத் திரட்டி, பத்தாம் நாளுக்குள் கடிதத்தைக் கொடுத்துவிடுவது சரியான அளவு.

முதலில் எடுக்க வேண்டியது, 101-க்கோ 112-க்கோ அழைத்தவரின் கைப்பேசிப் பதிவு. அதில் அழைத்த நேரம் நிமிடம் பிசகாமல் இருக்கும். பலர் ஒரே நேரத்தில் அழைத்திருந்தால் முதல் அழைப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சிசிடிவி. இங்கேதான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். பதிவுப் பெட்டியின் கடிகாரம் பெரும்பாலும் சரியாக இருக்காது. மின்தடைக்குப் பிறகு யாரும் அதைத் திருத்துவதில்லை. திரையில் ஓடும் நேரத்தையும் கைப்பேசி நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் அடுக்ககத்தில் பெட்டி ஆறு நிமிடம் முந்தி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி வாசலில் நின்றதைத் திரை 12:00 என்று காட்டினால் உண்மை நேரம் 11:54. அழைப்பு 11:42. வண்டி வந்தது 12 நிமிடத்தில். இதைத் திருத்தாமல் எழுதினால் 18 நிமிடம் ஆகிவிடும். பாராட்டுக் கடிதமே தாமதக் குற்றச்சாட்டாக மாறிவிடும்.

துறையிடம் அழைப்பு வந்த நேரத்துக்குத் தனிப் பதிவு உண்டு. உங்கள் நேரமும் அதுவும் ஓரிரு நிமிடம் மாறலாம். கைப்பேசிப் பதிவில் உள்ள அழைத்த நேரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் "சுமார்" போடுங்கள்.

மூன்றாவது, ஆட்களிடம் கேட்பது. எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்காதீர்கள்; ஒருவர் சொன்னது இன்னொருவர் நினைவில் ஏறிக்கொள்ளும். மீட்கப்பட்டவர், வாசலில் நின்று பார்த்தவர், எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்த்தவர் என்று மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். "என்ன நடந்தது?" என்று கேட்டால் கதை வரும். "உங்கள் கண்ணால் பார்த்தது என்ன?" என்று கேட்டால் கடிதத்துக்கு வேண்டியது வரும்.

கட்டடத்தையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள், கழுவி வெள்ளையடிக்கும் முன்பே. கரி எதுவரை போயிருக்கிறது? முதல் மாடித் திருப்பத்தில் சுவர் இடுப்பு உயரத்துக்கு மேலேதான் கறுத்திருக்கிறது, வீட்டுக் கதவுகளில் பெயின்ட் கூட உப்பவில்லை என்றால், அது புகை மட்டும் போன இடம். தீ தரைத்தளத்தைத் தாண்டவில்லை என்று எழுத அதுவே ஆதாரம். "பெரும் சேதம் தவிர்க்கப்பட்டது" என்பதைவிட இந்த ஒரு வரி குழுவின் வேலையைச் சரியாகச் சொல்லும்.

## 2. பெயரும் பதவியும்

பெயர் இல்லாத பாராட்டு நிலையத்துக்குப் போகும், ஆளுக்குப் போகாது. பெயர் வாங்க நிலையத்துக்கு நேரில் போவதே வழி. கேட்க வேண்டியவை: அன்று எந்தெந்த நிலையத்திலிருந்து வண்டிகள் வந்தன, ஒவ்வொன்றிலும் யார் யார், அவர்கள் பதவி என்ன. பி.பி.குளத்துக்குத் தல்லாகுளம் வண்டி வந்திருக்கும் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். அந்த நேரத்தில் அது வேறு அழைப்பில் இருந்திருந்தால் வேறு நிலைய வண்டி வந்திருக்கும். கூடுதல் உதவிக்கு இரண்டாவது நிலையம் வந்திருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். வந்து காத்திருந்துவிட்டுத் திரும்பிய வண்டியைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

நிலையத்தைத் தொடர்புகொள்ள 101-ஐ அழைக்காதீர்கள். அது அவசர எண். நிலையத்தின் தரைவழி எண் தனி. இதைச் சொல்ல வேண்டியிருப்பதே சங்கடம்தான், ஆனால் இது நடக்கிறது.

பதவிகளைக் கலந்துவிடாதீர்கள். நிலைய அலுவலர், முன்னணி தீயணைப்பாளர், தீயணைப்பாளர், ஓட்டுநர் எல்லாம் தனித்தனிப் பதவிகள். எல்லோரையும் "அதிகாரி" என்று எழுதினால் யாருக்கும் மரியாதை கூடாது. படிப்பவருக்கு யார் குழுவை நடத்தினார் என்பதுதான் தெரியாமல் போகும். பெயரை அவர்கள் எழுதிக் கொடுக்கும் தாளில் உள்ளபடி, முதலெழுத்தோடு அப்படியே எழுதுங்கள்.

ஓட்டுநரை விட்டுவிடுவது மிக வழக்கமான பிழை. வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவதோடு அவர் வேலை முடிவதில்லை. வண்டியின் பம்ப்பை இயக்கி, உள்ளே குழாய் பிடித்திருப்பவருக்கு அழுத்தம் குறையாமலும் கூடாமலும் பார்த்துக்கொள்பவர் அவர்தான். அவர் வண்டியை விட்டு நகராததால் யார் கண்ணிலும் படுவதில்லை.

சிலர் பெயரே வேண்டாம் என்பார்கள். வற்புறுத்தாமல் நிலையம், தேதி, அழைத்த நேரம் இவற்றை மட்டும் எழுதிவிடுங்கள். அதிலிருந்து யார் பணியில் இருந்தார்கள் என்பதை அலுவலகமே கண்டுகொள்ளும்.

## 3. யாருக்கு எழுதுவது

மூலக் கடிதம் தீயணைப்புத் துறையின் மாவட்ட அலுவலருக்கு. நகல் நிலைய அலுவலருக்கு. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நிலைய அலுவலரே அன்று குழுவை நடத்தியிருந்தால், தன்னைப் பாராட்டும் கடிதத்தைத் தானே மேலே அனுப்ப அவருக்குக் கூச்சமாக இருக்கும். கடிதம் நிலையத்து அறிவிப்புப் பலகையோடு நின்றுவிடும். மேலிருந்து கீழே வந்தால் இரண்டு இடத்திலும் இருக்கும்.

ஆட்சியருக்கும் நகல் அனுப்பலாம், தபாலில். திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். அங்கே வாங்கும் தாள் மனுவாகப் பதிவாகும். பிறகு துறை அதற்குப் பதில் எழுத வேண்டியிருக்கும். நன்றி சொல்லப் போய் அவர்களுக்கு வேலை வைத்ததாகிவிடும்.

## 4. எழுதக் கூடாதவை

இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று படியுங்கள். கடிதம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

தீக்கான காரணம். "மின்கசிவால் ஏற்பட்ட தீ" என்று கை தானாக எழுதும். காரணத்தைச் சொல்ல வேண்டியது துறையின் தீ விபத்து அறிக்கை. காப்பீட்டு மதிப்பீட்டாளர் வரும்போதும், வண்டி எரிந்தவர் சங்கத்திடம் இழப்பீடு கேட்கும்போதும், 24 வீட்டார் கையெழுத்திட்ட உங்கள் தாள் யாராவது ஒருவருக்குச் சாட்சியாகிவிடும். "மீட்டர் பலகை இருந்த இடத்தில் முதலில் தீ தெரிந்தது" என்பதோடு நிறுத்துங்கள். அது பார்த்தது, மற்றது ஊகம். சேதத்தின் ரூபாய் மதிப்பையும் இதே காரணத்துக்காக விடுங்கள்.

விதிமீறிய வீரம். "மூச்சுக்கருவி கூட அணியாமல் புகைக்குள் பாய்ந்தார்" என்று நல்லெண்ணத்தில்தான் எழுதுவார்கள். மேலதிகாரி கண்ணில் அது பாதுகாப்பு நடைமுறையை மீறியதற்கு எழுத்துப்பூர்வ ஆதாரம். அந்தத் தீயணைப்பாளரிடம் விளக்கம் கேட்க நேரலாம். 2020 தீபாவளியன்று விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைத் தீயில் கட்டடம் இடிந்து இரண்டு தீயணைப்பு வீரர்களைப் பறிகொடுத்த ஊர் இது. அந்தத் துறையில் யாரும் இப்படிப்பட்ட வரியைப் பெருமையோடு படிக்க மாட்டார்கள். அவர் கருவி அணிந்துகொண்டு, கயிறு பிடித்து, இருவராக உள்ளே போனதைப் பார்த்திருந்தால் அதை எழுதுங்கள். பாராட்ட வேண்டியது அந்த ஒழுங்கைத்தான்.

"சும்மா நின்றார்கள்" என்ற உள்குத்து. பாராட்டிவிட்டு, "முதலில் சிறிது நேரம் தண்ணீர் அடிக்காவிட்டாலும்" என்று ஒரு வரி சேர்ப்பவர்கள் உண்டு. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் பலகையில் தண்ணீர் அடித்தால் குழாய் பிடித்தவருக்கே மின்சாரம் பாயலாம். மின்வாரிய ஊழியர் இணைப்பைத் துண்டிக்கும் வரை பலகைமேல் உலர் ரசாயனத் தூளை மட்டும் அடித்துக் கட்டுப்படுத்தி வைப்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது காத்திருப்பது போலத் தெரியும். காரணம் தெரியாத இடத்தில் கருத்துச் சொல்லாதீர்கள். தெரிந்தால் அதையே பாராட்டாக எழுதலாம்.

கோரிக்கை. "தீ விபத்து அறிக்கையையும் விரைவில் தந்துதவ வேண்டுகிறோம்" என்று கடைசியில் ஒட்டினால் மொத்தத் தாளும் கோரிக்கை மனுவாகப் போய்விடும். அறிக்கைக்குத் தனியாக விண்ணப்பியுங்கள். தெரு ஆக்கிரமிப்பு, மாநகராட்சிக் குழாய் போன்ற குறைகளும் இங்கே வேண்டாம்.

மீட்கப்பட்டவர்களின் பெயரும் வேண்டியதில்லை. "இரண்டாம் மாடியில் இருந்த முதியவர் ஒருவரும் இரண்டு குழந்தைகளும்" போதும். கடிதம் பலகையில் ஒட்டப்படலாம், பத்திரிகைக்கும் போகலாம்.

## 5. கடிதத்தின் உடல்

தமிழில், ஏ4 தாளில், ஒரே பக்கத்தில் தட்டச்சு செய்யுங்கள். அனுப்புநர், பெறுநர், பொருள் என்ற வழக்கமான தலைப்புகள் இருக்கட்டும். பொருள் வரியில் தேதியும் இடமும் கட்டாயம். அலுவலகத்தில் கோப்பைத் தேடுபவர் அந்த ஒரு வரியைத்தான் பார்ப்பார்.

உடலை மூன்று பத்தியாக அமையுங்கள்: என்ன நடந்தது, அவர்கள் என்ன செய்தார்கள், அதனால் என்ன மிஞ்சியது. நடுப்பத்திதான் நீளமாக இருக்க வேண்டும். நம் அடுக்ககத்துக்கு இப்படி வரும்:

> பொருள்: ….. தேதி இரவு பி.பி.குளம் ….. அடுக்ககத்தில் ஏற்பட்ட தீயைக் கட்டுப்படுத்திய குழுவினருக்குப் பாராட்டு தெரிவித்தல் – தொடர்பாக.
>
> ஐயா,
>
> மேற்கண்ட நாளில் இரவு 11:42 மணிக்கு எங்கள் அடுக்ககத் தரைத்தளத்தில் தீ எரிவதாக 101-க்குத் தகவல் கொடுத்தோம். அப்போது படிக்கட்டு முழுவதும் புகை சூழ்ந்திருந்ததால் மேல் மாடிகளில் இருந்தவர்களால் இறங்க முடியவில்லை.
>
> சுமார் 11:54 மணிக்கு ….. நிலைய வண்டி வந்தது. நிலைய அலுவலர் திரு. ….. முதலில் மேலே இருந்தவர்களிடம் ஒலிபெருக்கியில் பேசி, படிக்கட்டுப் பக்கக் கதவை மூடிவிட்டு பால்கனியில் வந்து நிற்கச் சொன்னார். முன்னணி தீயணைப்பாளர் திரு. …..வும் தீயணைப்பாளர் திரு. …..வும் இரண்டாம் மாடி பால்கனிக்கு ஏணி வைத்து, ஒரு முதியவர், இரண்டு குழந்தைகள் உட்பட ஐந்து பேரை ஒவ்வொருவராக இறக்கினார்கள். அதே நேரத்தில் தீயணைப்பாளர் திரு. ….. மீட்டர் பலகையில் தூள் தெளித்துத் தீ ஏறாமல் தடுத்தார். சுமார் 12:06 மணிக்கு மின் இணைப்பு துண்டிக்கப்பட்டதை உறுதிசெய்துகொண்ட பிறகே தண்ணீர் பயன்படுத்தினார்கள். ஓட்டுநர் திரு. ….. கடைசி வரை பம்ப் அருகிலேயே இருந்தார். தீ அணைந்த பிறகும் சுமார் 1:50 வரை தங்கி, ஒவ்வொரு மாடியாகச் சென்று புகை வெளியேறியதைப் பார்த்தார்கள்.
>
> தீ தரைத்தளத்தைத் தாண்டவில்லை. முதல் மாடியில்கூட எந்த வீட்டுக் கதவும் எரியவில்லை. யாருக்கும் காயமில்லை. இதற்காக மேற்கண்ட குழுவினருக்கு 24 வீட்டாரும் எங்கள் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம். இக்கடிதத்தைக் குழுவினர் ஒவ்வொருவரின் பார்வைக்கும் கொண்டுசெல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

"மாவீரர்கள்", "கண்கண்ட தெய்வங்கள்" எல்லாம் இதில் இல்லை, கவனித்தீர்களா? கதவை மூடச் சொன்ன வரியே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. படிக்கட்டு புகைபோக்கியாக மாறியிருக்கும்போது பயத்தில் கதவைத் திறந்து ஓடி வருபவர்கள்தான் புகையில் மயங்கி விழுவார்கள். வண்டியிலிருந்து இறங்கியதும் அவர் அதைத் தடுத்தார் என்பது துறைக்காரருக்கு ஒரே வாசிப்பில் புரியும்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்தையும் சுட்டி, "இதைப் பார்த்தது யார்?" என்று கேளுங்கள். பெயர் சொல்ல முடியாத வாக்கியத்தை அடித்துவிடுங்கள்.

## 6. கையெழுத்து

செயலாளர் மட்டும் கையெழுத்திட்டால் அது சங்கத்தின் கடிதம். மீட்கப்பட்டவர்கள் முதலில் கையெழுத்திட்டால் அது குடியிருப்போரின் கடிதம். கையெழுத்துக்குத் தனித் தாள் வைத்து, வரிசை எண், வீட்டு எண், பெயர், கையெழுத்து என்று நான்கு கட்டம் போடுங்கள். தாளின் மேலே பொருள் வரியைத் திரும்ப எழுதுங்கள். தனித் தாள் கழன்றுபோனால் எந்தக் கடிதத்தோடு சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. கைப்பேசி எண் தொடர்புக்கு ஒருவருடையது மட்டும் போதும்.

வார்டு பிரமுகரின் லெட்டர்பேடில் எழுதித் தருவதாக யாராவது முன்வந்தால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். கட்சி நிறம் பட்ட கடிதத்தை அலுவலகத்தில் பலகையில் ஒட்டமாட்டார்கள்.

## 7. கொண்டுபோய்க் கொடுத்தல்

நான்கு பிரதி எடுங்கள்: மாவட்ட அலுவலருக்கு மூலம், நிலையத்துக்கு ஒன்று, ஆட்சியருக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. உங்கள் பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு நிலைய வண்டிகள் வந்திருந்தால் இன்னொரு பிரதி.

நிலையத்துக்கு மூன்று பேருக்கு மேல் போக வேண்டாம். முன்னதாகத் தரைவழி எண்ணில் கேட்டுக்கொண்டு, அதே ஷிப்ட் ஆட்கள் இருக்கும் நாளில் போங்கள். பேசிக்கொண்டிருக்கும்போது மணி அடித்தால் வாசலை விட்டு உடனே விலகி ஓரமாக நில்லுங்கள். உங்கள் ஸ்கூட்டரை வண்டிக்கூடத்துக்கு முன்னால் நிறுத்தியிருக்கவே கூடாது.

அன்பளிப்பு விஷயத்தில் உறுதியாக இருங்கள். தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973 அவர்களுக்கும் பொருந்தும். பணமுடிப்பு, மோதிரம், கைக்கடிகாரம் எதுவும் வேண்டாம். மண்டபம் பிடித்து மேடையேற்றிப் பொன்னாடை போர்த்த ஆசை இருந்தால் மாவட்ட அலுவலரிடம் முதலில் எழுத்தில் கேளுங்கள். அனுமதி இல்லாமல் நடத்தினால் சிக்கல் உங்களுக்கு இல்லை, பொன்னாடை வாங்கியவருக்கு.

கடிதம் கொடுக்கும் வரை அதை வாட்ஸ்அப்பில் விடாதீர்கள். அலுவலர் கைக்குப் போகும் முன்பே அவர் கைப்பேசிக்குப் போய்ச் சேர்ந்தால் நேரில் போவதற்கு அர்த்தமில்லை.

அன்று நள்ளிரவில் வந்து இணைப்பைத் துண்டித்த மின்வாரிய ஊழியருக்குத் தனியாக நாலு வரி எழுதி அவர் பிரிவு அலுவலகத்தில் கொடுங்கள். தீயணைப்புத் துறைக் கடிதத்துக்குள் அவர் பெயரை நுழைத்தால் அது அவர் அலுவலகத்துக்குப் போய்ச் சேராது.

ஒரு மாதம் கழித்து நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். பெயர் குறிப்பிட்டவர்களில் யாராவது அதற்குள் மேலூருக்கோ உசிலம்பட்டிக்கோ மாறியிருந்தால், முத்திரையிட்ட உங்கள் பிரதியை நகலெடுத்து அந்த நிலைய முகவரிக்கு, அவர் பெயருக்கு விரைவுத் தபாலில் அனுப்புங்கள்.